பிளாக் செய்யாமல் ஒருவரைக் கொஞ்சம் தூரத்தில் வைப்பது: என் அனுபவம்

நான் வேலை மாறிய பிறகும் பழைய அலுவலகத்து மேடம் ஒருவர் என் இன்ஸ்டாகிராம் ஃபாலோயர் பட்டியலில் இருந்தார். நல்ல மனுஷிதான். ஆனால் நான் போடும் ஸ்டோரி ஒவ்வொன்றும் மறுநாள் அந்த அலுவலகத்தில் பேச்சாகிவிடும். எங்காவது போயிருந்தால் ‘இவளுக்கு மட்டும் எப்படி லீவு கிடைக்குது’ என்பார். புது இடத்துச் சக ஊழியர்களோடு படம் போட்டால் ‘அங்கே என்ன சம்பளமாம்’ என்பார். அங்கே இன்னும் வேலை பார்க்கும் தோழி வழியாக எல்லாம் என் காதுக்கு வந்து சேரும்.

பிளாக் செய்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் எங்கள் இருவருக்கும் ஒரே துறை. கூட்டங்களிலும் பயிற்சிகளிலும் நேருக்கு நேர் பார்த்துப் பேச வேண்டியவர். பிளாக் செய்தது தெரிந்தால் அதைப் பகை என்றுதான் எடுத்துக்கொள்வார். எனக்கு அவர்மேல் பகை எதுவும் இல்லை. என் வீட்டு விஷயம் அவர் கண்ணில் படக் கூடாது, அவ்வளவுதான் வேண்டும்.

ஒருவரை பிளாக்கிலேயே வைத்திருக்காமல் இதைச் சாதிக்க மூன்று வழிகள் உண்டு. ஃபாலோயர் பட்டியலிலிருந்து ஒருவரை நீக்குவது ஒன்று. அக்கவுண்டைப் பிரைவேட்டாக மாற்றி, ஃபாலோ ரிக்வெஸ்ட்டை நாமே பார்த்து அனுமதிப்பது இன்னொன்று. பிளாக் செய்து உடனே அன்பிளாக் செய்வது மூன்றாவது. இதைத்தான் சாஃப்ட் பிளாக் என்கிறார்கள். மூன்றும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் ஒவ்வொன்றும் வேறு எதையோ அறுக்கிறது. எது எதை அறுக்கிறது என்று தெரியாமல் பட்டனைத் தட்டுவதால்தான் பலரும் ‘நீக்கியும் பார்க்கிறாரே’ என்று குழம்புகிறார்கள்.

என் புது அலுவலகத்தில் என்னைவிடச் சின்னவள் ஒருத்தி இதே குழப்பத்தோடு வந்தாள். “அக்கா, அந்த ஆளை ஃபாலோயர்ல இருந்து எடுத்துட்டேன். ஆனா மறுநாள் ஸ்டோரி பார்த்தவங்க லிஸ்ட்ல அவர் பேரு இருக்கு. பட்டன் வேலை செய்யலையா?” என்று போனை நீட்டினாள். பட்டன் சரியாகத்தான் வேலை செய்திருந்தது. அவளுடைய அக்கவுண்ட் பப்ளிக்காக இருந்தது, அதுதான் விஷயம்.

பப்ளிக் அக்கவுண்டில் ஃபாலோ என்பது வெறும் விநியோகம்தான். நாம் போடுவது அவர் ஃபீடில் தானாகப் போய் விழும். ஃபாலோயர் பட்டியலிலிருந்து நீக்கினால் அந்த விநியோகம் நிற்கும். ஆனால் அவர் நம் பெயரைத் தேடி உள்ளே வந்தால் போஸ்ட், ஸ்டோரி, ரீல் எல்லாம் முன்போலவே திறந்து கிடக்கும். திரும்ப ‘Follow’ தட்டினால் நம் அனுமதி எதுவும் கேட்காமலே பட்டியலில் ஏறிவிடுவார். பிரைவேட் அக்கவுண்டில் கதை வேறு. அங்கே ஃபாலோயராக இருப்பவருக்கு மட்டும்தான் உள்ளே பார்க்க முடியும். அதனால் அங்கே ஒருவரை நீக்கினால் விநியோகத்தோடு பார்வையும் சேர்ந்து போகிறது.

ஆகவே என் விஷயத்தில் வரிசை முக்கியமாக இருந்தது: முதலில் பிரைவேட், அப்புறம்தான் நீக்கம். தலைகீழாகச் செய்தால் இடைப்பட்ட நேரத்தில் அவர் மறுபடி ஃபாலோ செய்துவிட வாய்ப்பு உண்டு. அப்படி ஏறியவர், அதன்பிறகு அக்கவுண்டைப் பிரைவேட்டாக மாற்றினாலும் பட்டியலிலேயே இருப்பார். இதைப் பலர் கவனிப்பதில்லை. பிரைவேட்டாக மாற்றினால் ஏற்கெனவே இருக்கும் ஃபாலோயர்கள் யாரும் வெளியே போக மாட்டார்கள். புதிதாக வருகிறவர்களுக்குத்தான் ரிக்வெஸ்ட். பழையவர்களை நாம்தான் ஒவ்வொருவராக எடுக்க வேண்டும்.

செய்த விதத்தைச் சொல்கிறேன். இன்ஸ்டாகிராம் செட்டிங்ஸில் ‘Account privacy’ என்று இருக்கும். அதில் ‘Private account’ஐ ஆன் செய்தேன். பிசினஸ் அக்கவுண்ட் வைத்திருப்பவர்களுக்கு இது கிடைக்காது. முதலில் பர்சனல் அக்கவுண்டாக மாற்ற வேண்டும். பிறகு என் புரொஃபைலில் ஃபாலோயர் எண்ணிக்கையைத் தட்டி, மேலே உள்ள தேடல் பெட்டியில் மேடத்தின் பெயரை அடித்தேன். பெயருக்குப் பக்கத்தில் ‘Remove’. அதைத் தட்டினால் ஒரு சின்னப் பெட்டி வந்து, நீக்கியதை அவருக்குத் தெரிவிக்க மாட்டோம் என்று சொல்லி உறுதி கேட்கும். மறுபடி ‘Remove’, முடிந்தது. பட்டியலைத் தேட விருப்பமில்லை என்றால், அவருடைய புரொஃபைலுக்கே போய் மேலே மூன்று புள்ளியைத் தட்டினாலும் ஃபாலோயரை நீக்கும் வழி இருக்கிறது.

நோட்டிஃபிகேஷன் போகாது என்பது உண்மை. ஆனால் தெரியவே தெரியாது என்று எண்ணிவிடக் கூடாது. அவர் ஃபாலோ செய்பவர்களின் எண்ணிக்கையில் ஒன்று குறையும். அதை யாரும் எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்கள். காட்டிக்கொடுப்பது பட்டன்தான். அவர் என்றாவது என் புரொஃபைலுக்கு வந்தால், ‘Following’ இருந்த இடத்தில் ‘Follow’ என்று இருக்கும். அதிலும் நான் அவரை இன்னும் ஃபாலோ செய்துகொண்டிருந்தால் ‘Follow back’ என்று காட்டும். தான் பல வருடமாக ஃபாலோ செய்துவந்த ஒருத்தியின் பக்கத்தில் ‘Follow back’ என்று பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும்.

இது ஃபாலோயர் நீக்கத்தின் முக்கியமான குணம்: ஒரு பக்கம் மட்டும்தான் அறுபடும். அவர் என்னை ஃபாலோ செய்வது போய்விடும். நான் அவரை ஃபாலோ செய்வது அப்படியே இருக்கும். எனக்கு அது வசதியாகவே இருந்தது. அவர் துறை சம்பந்தமாகப் போடுவது எனக்குப் பயன்படும், லைக் போடும் வழக்கமும் உண்டு. அதை நிறுத்தினால்தான் ஏதோ கோபம் என்று தோன்றும். அதனால் அவரைத் தொடர்ந்து ஃபாலோ செய்தேன். இரு பக்கமும் விலக வேண்டும் என்று நினைப்பவர்கள் தனியாக அன்ஃபாலோவும் செய்ய வேண்டும்.

இன்னொன்றையும் செய்தேன். இப்போது யோசித்தாலும் அதுதான் சரியான முடிவு என்று நினைக்கிறேன். மேடத்தை மட்டும் எடுக்காமல், பழைய அலுவலகத்தில் எனக்கு நெருக்கமில்லாத எல்லோரையும் எடுத்தேன். கூடவே யாரென்றே ஞாபகம் இல்லாத பெயர்களையும் எடுத்தேன். ஒருவரை மட்டும் எடுத்தால் அது அவர்மேல் வைத்த குறி. மொத்தமாகக் குறைத்தால் அது அக்கவுண்டின் தன்மையையே மாற்றிய முடிவு. யாராவது கேட்டால் உண்மையையே சொல்லலாம். ஆனால் ஒரே மூச்சில் வேகமாக எடுத்துக்கொண்டே போனால் ‘Try again later’ என்று ஆப் தடுத்து நிறுத்திவிடும். இரண்டு மூன்று நாளில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வது நல்லது.

கேள்வி வரத்தான் செய்தது. சில வாரம் கழித்து மேடத்திடமிருந்து ஃபாலோ ரிக்வெஸ்ட். அன்றே வாட்ஸ்அப்பில், “என்னம்மா, உன் இன்ஸ்டா லாக் ஆயிருக்கு? நான் வேற வெளியே இருக்கேன்?” என்று கேட்டிருந்தார். “ஆமா மேடம், வீட்டு ஆளுங்களுக்கும் ரொம்ப நெருங்கின சில பேருக்கும் மட்டும்னு குறைச்சுட்டேன். ஆபீஸ் ஆட்கள் எல்லாரையுமே எடுத்தாச்சு. நம்ம பேச்சு இங்கேயே இருக்கட்டும்” என்று பதில் போட்டேன். “சரிம்மா” என்று முடித்துவிட்டார். அடுத்த கூட்டத்தில் பார்த்தபோது எப்போதும்போலப் பேசினார்.

ரிக்வெஸ்ட்டை என்ன செய்வது என்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. ‘Confirm’, ‘Delete’ என்று இரண்டு பட்டன் இருக்கும். ‘Delete’ தட்டினாலும் அவருக்குச் செய்தி போகாது. ஆனால் அவர் பக்கம் ‘Requested’ என்று இருந்தது ‘Follow’ என்று மாறிவிடும். திரும்பப் பார்த்தால், மறுத்துவிட்டார்கள் என்று புரியும். இன்னொரு ரிக்வெஸ்ட்டும் அனுப்பலாம். எதையும் தட்டாமல் விட்டால் அவர் பக்கம் ‘Requested’ என்றே நிற்கும். கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று எடுத்துக்கொள்ள இடம் இருக்கும். ரிக்வெஸ்ட் காத்திருக்கும் வரை அவருக்கு உள்ளே எதுவும் தெரியாது. முகம் பார்த்துப் பழக வேண்டியவர்கள் விஷயத்தில் நான் அப்படியே விட்டுவைப்பேன். அறிமுகமே இல்லாதவர் என்றால் ‘Delete’தான்.

அனுமதிக்கும்போது என் வழக்கம் என்னவென்றால், பெயரையும் படத்தையும் மட்டும் பார்த்துத் தட்டுவதில்லை. பொதுவான ஃபாலோயர்கள் யார் என்று பார்ப்பேன். புரொஃபைலின் மூன்று புள்ளியில் ‘About this account’ இருந்தால், எப்போது தொடங்கிய அக்கவுண்ட் என்று பார்ப்பேன். இந்த மாதம்தான் தொடங்கிய அக்கவுண்டிலிருந்து பழைய தோழியின் பெயரில் ரிக்வெஸ்ட் வந்தால், அவளுக்கே போன் போட்டுக் கேட்டுவிடுவேன். பட்டியலிலிருந்து வெளியே போனவர் வேறு பெயரில் திரும்ப வருவதும் இந்த வாசல் வழியாகத்தான். யோசிக்காமல் ‘Confirm’ தட்டுகிறவருக்கு அக்கவுண்ட் பிரைவேட்டாக இருந்தும் பிரயோஜனம் இல்லை.

பிரைவேட்டாக இருந்தும் வெளியே கசியும் இடங்கள் உண்டு. நம் புரொஃபைல் படம், பெயர், பயோ, எண்ணிக்கைகள் எல்லோருக்கும் தெரியும். பப்ளிக் அக்கவுண்ட் வைத்திருக்கும் தோழியின் போஸ்ட்டில் நான் கமெண்ட் போட்டால் அதை யாரும் படிக்கலாம். அவள் என்னை வைத்துப் படம் போட்டால் அது அவளுடைய போஸ்ட். என் பூட்டு அதற்குப் பொருந்தாது. அப்புறம், உள்ளே இருப்பவர்களில் ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் காட்டினால் எந்தச் செட்டிங்கும் தடுக்காது. மேடம் கண்ணில் படாமல் இருந்தும், ஒரு தடவை என் வீட்டு விசேஷம் பழைய அலுவலகத்தில் பேச்சாகிவிட்டது. விசாரித்தால், விசேஷத்துக்கு வந்திருந்த இன்னொருவரின் பப்ளிக் ஸ்டோரியில் நான் இருந்திருக்கிறேன். யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதிலிருந்து, படம் எடுக்கும்போதே கேட்டுவிடுகிறேன்.

பப்ளிக்காகவே வைத்திருக்க வேண்டியவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் தொந்தரவு ஸ்டோரியில் மட்டும்தான் என்றால், நீக்கவே வேண்டாம். அந்த ஒருவருக்கு மட்டும் ஸ்டோரியை மறைக்கும் வசதி இருக்கிறது. ஃபாலோ அப்படியே நிற்கும், எந்தப் பட்டனும் மாறாது. என்னிடம் வந்த தங்கச்சிக்குக் கடைசியில் இதைத்தான் செய்துகொடுத்தேன். அவளுக்குக் கைவேலைப் பொருள் விற்கும் அக்கவுண்ட். பிரைவேட்டாக மாற்றினால் வியாபாரம் போய்விடும்.

இனி சாஃப்ட் பிளாக். இதற்கு ஒரு வரலாறு உண்டு. இன்றைய எக்ஸ், ட்விட்டராக இருந்தபோது வெகுகாலம் ஃபாலோயரை நீக்கும் பட்டனே இல்லை. பிளாக் செய்தால் இரு பக்க ஃபாலோவும் அறுபடும். அன்பிளாக் செய்தாலும் அது தானாகத் திரும்பாது. அதைக் கண்டுகொண்டவர்கள் பிளாக், உடனே அன்பிளாக் என்று செய்து ஃபாலோயரை உதிர்த்தார்கள். 2021 அக்டோபரில்தான் ‘Remove this follower’ என்ற பட்டன் அங்கே எல்லோருக்கும் வந்தது. இன்று எக்ஸிலோ இன்ஸ்டாகிராமிலோ, ஒரு பக்கத்தை மட்டும் அறுக்க சாஃப்ட் பிளாக் தேவையே இல்லை. இரு பக்கமும் ஒரே வீச்சில் போக வேண்டும் என்றால் மட்டும் அதற்கு வேலை இருக்கிறது. எக்ஸில் 2024 நவம்பர் முதல், முழுசாக பிளாக் செய்யப்பட்டவரே நம் பப்ளிக் போஸ்ட்டுகளைப் பார்க்க முடிகிறது. ஆகவே அங்கே சாஃப்ட் பிளாக் செய்து ‘இனி பார்க்க மாட்டார்’ என்று நிம்மதியாக இருக்க முடியாது.

இன்ஸ்டாகிராமில் சாஃப்ட் பிளாக் செய்ய வேண்டாம் என்றே சொல்வேன். பிளாக் செய்த நொடியில், நம் போஸ்ட்டுகளில் அவர் போட்ட லைக்கும் கமெண்ட்டும் போய்விடும். அன்பிளாக் செய்தாலும் திரும்பி வராது. வருடக்கணக்கில் வாழ்த்துச் சொல்லி எழுதிய கமெண்ட் எல்லாம் ஒரே நாளில் காணாமல் போனால், ஃபாலோ பட்டனைவிட அது பெரிதாகத் தெரியும். ‘Remove’ தட்டினால் அந்தப் பழைய கமெண்ட்டுகளுக்கு ஒன்றும் ஆகாது. மேலும் பிளாக் பெட்டியில், அவருடைய மற்ற அக்கவுண்டுகளையும் புதிதாகத் தொடங்குவதையும் சேர்த்து பிளாக் செய்யும் தேர்வு இருக்கும். அவசரத்தில் அதோடு தட்டிவிட்டால், ஒன்றை அன்பிளாக் செய்த பிறகும் இன்னொன்று பிளாக்கிலேயே கிடக்கலாம். செய்தே ஆக வேண்டும் என்றால், முடித்த பிறகு செட்டிங்ஸில் பிளாக் பட்டியலைத் திறந்து ஒரு முறை சரிபாருங்கள்.

ஃபேஸ்புக்கில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். அங்கே ஒருவரை அன்பிளாக் செய்தால், மறுபடி பிளாக் செய்ய 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும். சாஃப்ட் பிளாக் செய்ததைக் கவனித்து அவர் கோபமாக எழுத ஆரம்பித்தால், அந்த இரண்டு நாளும் நம் கையில் பிளாக் இருக்காது. நட்பை விலக்க வேண்டும் என்றால் அன்ஃப்ரெண்ட் செய்தாலே போதும். எக்ஸ் போன்ற இன்னொரு தளமான ப்ளூஸ்கையில் இந்த உத்தி பலிக்கவே பலிக்காது. அங்கே ஃபாலோ என்ற பதிவு ஃபாலோ செய்பவரின் கணக்கில் இருப்பதால், அன்பிளாக் செய்ததும் அந்த ஃபாலோ பழையபடி உயிர்பெற்றுவிடும்.

எக்ஸில் போஸ்ட்டுகளைப் பூட்டி வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இரண்டு. பூட்டிய பிறகு, நம்மை ஃபாலோ செய்யாத ஒருவருக்கு நாம் எழுதும் பதில் அவருக்கே தெரியாது. ‘பதில் போட்டும் கண்டுகொள்ளவில்லையே’ என்று வருத்தப்பட வேண்டாம். மறுபடி பப்ளிக்காக மாறினால், காத்திருக்கும் ரிக்வெஸ்ட்டுகள் தானாக அனுமதி ஆகாது. அவர்கள் புதிதாக ஃபாலோ செய்ய வேண்டும். அதனால் மாற்றுவதற்கு முன்பே பட்டியலைப் பார்த்து, வேண்டியவர்களை அனுமதித்துவிடுங்கள்.

மிரட்டுகிறவர், விடாமல் துரத்துகிறவர், படத்தை எடுத்துத் தவறாகப் பயன்படுத்துகிறவர் என்றால் இந்த மென்மையான வழி எதுவும் வேண்டாம். முதலில் செய்திகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டு, முழு பிளாக்கும் ரிப்போர்ட்டும். ஃபாலோயர் பட்டியலிலிருந்து நீக்கினாலும் ஒருவரால் நமக்கு மெசேஜ் அனுப்ப முடியும் என்பதை மறக்கக் கூடாது.

கடைசியாக ஒன்று, தட்டுவதற்கு முன் யோசிக்க வேண்டியது. நீக்கியவரை நாமே திரும்பச் சேர்க்க முடியாது. அதற்கென்று ஒரு பட்டன் எங்கும் இல்லை. அவர்தான் மறுபடி ரிக்வெஸ்ட் அனுப்ப வேண்டும். பழைய அலுவலகத்து ஆட்களை மொத்தமாக எடுத்தபோது, எனக்கு விஷயங்களைச் சொல்லும் அந்தத் தோழியின் பெயரும் கைதவறிப் போகாமல் இருக்க, யார் யார் இருக்க வேண்டும் என்று முதலில் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். பிறகுதான் பட்டியலைத் திறந்தேன்.